எந்த மொழியில் கொஞ்சுவது?

*எனக்கு 33 வயது. காதல் திருமணம், நான்கு வருடம் ஆகிறது. என் தாய்மொழி தமிழ். கணவரின் மொழி வேறு. எது என்று எழுதினால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வேலை பார்த்த இடத்தில் பழகியதால் எங்களுக்குள் எல்லாமே ஆங்கிலம்தான். தினமும் 'ஐ லவ் யூ' சொல்கிறார். காதில் விழுகிறது, உள்ளே இறங்கவில்லை. நானும் பதிலுக்குச் சொல்கிறேன். யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போல இருக்கிறது. ஆனால் படுக்கையறையில் மட்டும் ஆங்கிலம்தான் வருகிறது, தமிழில் ஒரு வார்த்தை வராது. சண்டை வந்தால் தமிழில் கொட்டிவிடுகிறேன், அவர் பேந்தப் பேந்த விழிக்கிறார். போன மாதம் எனக்காகத் தமிழ் கற்க ஆரம்பித்தார். ஒருநாள் பின்னால் வந்து நின்று 'என்னடி பண்ற' என்றார். எனக்குச் சுரீர் என்று கோபம் வந்துவிட்டது. இன்னொரு முறை அப்படிக் கூப்பிடாதே என்று கத்திவிட்டேன். அன்றோடு தமிழை விட்டுவிட்டார். தாய்மொழியில் பேச முடியாதவனோடு மனசு ஒட்டாது என்கிறாள் அக்கா. நாங்கள் ஒரே மொழியை முடிவு செய்துகொள்ள வேண்டுமா? அவரைத் தமிழ் கற்கச் சொல்லி வற்புறுத்தலாமா? ஆங்கிலத்தில் அன்பு வராதது என் அன்பில் இருக்கும் குறையா?*

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டையும் அதுதான் எழுத வைத்திருக்கிறது. உங்கள் அன்பில் குறை இல்லை. அதே சமயம், உங்கள் அக்கா சொல்வதும் சரியில்லை.

ழான்-மார்க் டெவேல் என்ற மொழியியலாளர், பல மொழி பேசும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 'ஐ லவ் யூ' என்பது எந்த மொழியில் அதிகம் கனக்கிறது என்று கேட்டார். 2008-ல் வெளியான அந்த ஆய்வில் தாய்மொழி என்று சொன்னவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. இன்னொரு பங்கினர் இரண்டு மொழியிலும் ஒரே கனம் என்றார்கள். மீதிப் பேர் பிற்பாடு கற்ற மொழியில்தான் கனம் என்றார்கள். யார் எந்தப் பக்கம் விழுந்தார்கள் என்பதற்கு, அந்த மொழியை எந்த வயதில் கற்றார்கள், வகுப்பறையில் மட்டும் கற்றார்களா அல்லது அதில் வாழ்ந்தார்களா, எவ்வளவு தாராளமாகப் பேச வருகிறது என்பவற்றோடு தொடர்பு இருந்தது.

உங்கள் ஆங்கிலம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பள்ளி, பரீட்சை, நேர்காணல், அலுவலக மெயில். இத்தனை வருடமும் தவறில்லாமல் பேசவும் நல்ல பெயர் வாங்கவும் பயன்பட்ட மொழி அது. அதில் கொஞ்ச வேண்டும் என்றால் வாய் கொஞ்சம் விறைத்துக்கொள்ளத்தான் செய்யும். உங்கள் கணவருக்கு அது அப்படி இல்லாமல் இருக்கலாம். சின்ன வயதிலிருந்தே நண்பர்களோடு ஆங்கிலத்தில் பழகியவராக இருந்தால் அதே மூன்று சொல் அவருக்கு நிஜமாகவே கனக்கும். அவர் சொல்லும்போது அவருக்குள் நடப்பதும் கேட்கும்போது உங்களுக்குள் நடப்பதும் வேறு வேறு. நீங்கள் அதை 'ஒப்புக்குச் சொல்கிறார்' என்று எடுத்துக்கொள்கிறீர்களோ என்பது என் சந்தேகம். அவரிடமே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும், தவறாக நினைக்காதீர்கள். தமிழில் இதை யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா? 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்று முழு வாக்கியமாகச் சொல்லிக்கொள்ளும் தமிழ்த் தம்பதியை நான் பார்த்ததே இல்லை. தமிழ் மட்டுமே பேசுகிறவர்களும் அந்த இடத்தில் 'ஐ லவ் யூ'வுக்குத்தான் போகிறார்கள். தமிழில் நெருக்கம் தெரிவது பெரும்பாலும் கூப்பிடும் விதத்தில், வாக்கியத்தின் வாலில், இழுத்துப் பேசும் குரலில். உங்களுக்கு இல்லாமல் தவிப்பது அந்த வாக்கியம் அல்ல, இவைதான் என்று நினைக்கிறேன். அப்படியானால் அவர் தமிழ் முழுவதையும் கற்றாக வேண்டும் என்பதில்லை. வேலை எவ்வளவோ சின்னது.

'என்னடி' ஏன் சுட்டது

அவர் சொன்ன இரண்டு சொல் உங்களுக்குள் ஏன் அப்படி இறங்கியது என்று பார்த்துவிடலாம், பாதி விஷயம் அதில் இருக்கிறது.

2003-ல் கேத்தரின் ஹாரிஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு பிற்பாடு ஆங்கிலம் கற்றவர்களின் விரல்களில் மின்முனைகளைப் பொருத்தி, இரண்டு மொழியிலும் சொற்களைக் கேட்க வைத்தார்கள். மனசு அதிர்ந்தால் தோலில் மெல்ல வியர்க்கும், அதை அந்தக் கருவி அளந்துவிடும். குழந்தைப் பருவத்தில் பெரியவர்கள் அதட்டும் சொற்களைத் தாய்மொழியில் கேட்டபோது உடம்பு துள்ளியது. அதே அதட்டலை ஆங்கிலத்தில் கேட்டபோது துள்ளல் வெகுவாகக் குறைந்துபோனது. அர்த்தம் இரண்டிலும் புரிந்தது, ஆனால் ஒன்று மட்டும்தான் உடம்பைத் தொட்டது.

'டி' உங்களுக்கு அப்படிப்பட்ட சொல். உங்களை முதன்முதலில் யார் அப்படிக் கூப்பிட்டார்கள்? தோழியா, அம்மாவா, கையை ஓங்கிக்கொண்டு வந்த அண்ணனா? அதே ஒற்றை எழுத்து தோழி வாயில் தேன், வேறொருவர் வாயில் அறை. எந்தக் குரலில், எந்த உரிமையில், எத்தனை நாள் பழக்கத்துக்குப் பிறகு என்ற கணக்கு உங்கள் காதுக்குத் தானாகத் தெரியும். அவருக்கு அந்தக் கணக்கே தெரியாது. சினிமாவிலோ நண்பர்களிடமோ காதலன் காதலியை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டிருப்பார், நெருக்கமான சொல் என்று எடுத்துவந்து கொடுத்தார். பிற்பாடு கற்ற மொழியில் மரியாதையின் அளவும் கெட்ட வார்த்தையின் காரமும்தான் கடைசியில் பிடிபடும். தப்பான சொல்லை அவர் எடுத்தார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். நீங்கள் கொடுக்காத சொல்லை எடுத்துவிட்டார்.

அவர் பக்கத்தையும் நினையுங்கள். ஒரு வளர்ந்த மனிதர், உங்களுக்காகக் குழந்தை மாதிரித் தடுமாறிப் பேசத் துணிந்தார். முதல் கொஞ்சலுக்கே அடி விழுந்தது. தமிழை நிறுத்தியதை வீம்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது கூச்சம்.

இதைச் சரிசெய்ய 'அது தப்பு' என்று சொன்னால் போதாது. ஆங்கிலத்திலேயே, கோபம் ஆறிய ஒரு நேரத்தில், அந்தச் சொல்லின் கதையைச் சொல்லுங்கள்: யார் என்னை இப்படிக் கூப்பிட்டார்கள், எப்போது பிடித்தது, எப்போது சுட்டது, நீ பின்னாலிருந்து சொன்னபோது எந்த முகம் ஞாபகம் வந்தது. அப்புறம் அந்தப் பேச்சிலேயே, மாற்றாக ஒரு சொல்லைக் கையில் கொடுத்துவிடுங்கள். வீட்டில் உங்களைக் கூப்பிட்ட பெயராக இருக்கலாம், 'கண்ணு', 'செல்லம்' மாதிரி எதுவாகவும் இருக்கலாம், நீங்கள் விரும்பிக் கேட்டு வளர்ந்ததாக இருந்தால் சரி. தடையை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டால் அவருக்கு மிஞ்சுவது தடை மட்டும்தான். பிற்காலத்தில் 'டி' உங்களுக்கே பிடித்துப் போகலாம். போகாமலும் இருக்கலாம். அதை முடிவு செய்கிறவர் நீங்கள்.

படுக்கையறையில் ஆங்கிலம்

இதை நீங்கள் ஒரு புதிர் போல எழுதியிருக்கிறீர்கள். நான் ஆலோசனைக்கு உட்காரும் அறையில் அடிக்கடி கேட்பதுதான் இது. உடம்பைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைத்த சொற்கள் இரண்டே வகை: ஒன்று, தெருவில் திட்டாகக் கேட்டவை, மற்றது, பாடப்புத்தகத்திலும் மருத்துவர் அறையிலும் கேட்டவை. நடுவில், இருவர் தங்களுக்குள் இயல்பாகப் பேசிக்கொள்ளும் சொல் என்று ஒன்றை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. போதாக்குறைக்கு, 'வாயைக் கழுவு' என்ற அதட்டலும் தமிழில்தான் வந்தது. ஆங்கிலத்தில் அந்த அதட்டல் இல்லை. மேலே சொன்ன அதே மரத்துப்போன தன்மை, அன்பைச் சொல்லும்போது இடைஞ்சலாக இருந்தது, இங்கே கூச்சத்தைக் குறைத்து உதவி செய்கிறது.

அதனால் படுக்கையறையில் தமிழைக் கொண்டுவர வேண்டும் என்று உங்களை நீங்களே வற்புறுத்திக்கொள்ளாதீர்கள். ஆங்கிலத்தில் தைரியமாகக் கேட்க வருகிறது, பிடித்ததைப் பிடித்தது என்று சொல்ல வருகிறது என்றால் அது நல்ல ஏற்பாடு. அங்கே உங்கள் நெருக்கம் போலி என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். தமிழில் செல்லமாகச் சொல்லும் 'சீ, போ', 'வேணாம்' எல்லாம் பாதி நேரம் 'வேண்டும்' என்ற பொருளில் வரும். தமிழ் கற்றுக்கொண்டிருப்பவருக்கு எது விளையாட்டு, எது நிஜம் என்று குரலை வைத்துப் பிரிக்கத் தெரியாது. தமிழருக்கே பல நேரம் தெரிவதில்லை. ஆகவே நிஜமாக நிறுத்தச் சொல்லும் சொல் ஒன்றை, விளையாட்டில் எப்போதும் வராத ஒன்றாக, இருவரும் பகலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'ஸ்டாப்' போதும். அது காதில் விழுந்ததும் காரணம் கேட்காமல் நிறுத்திவிட வேண்டும். அவருக்கும் அதே உரிமை உண்டு. இதோடு, சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டுக் கேட்பது அவர் பொறுப்பு. 'மொழி புரியவில்லை' என்பது யாருக்கும் சாக்கு ஆகாது.

சண்டையில்

கோபம் ஏறினால் வாய் முதல் மொழிக்கு ஓடுவது இயல்பு. உங்களுக்கு ஆங்கிலத்தில் சண்டை போடுவது இன்னொரு வகையிலும் நஷ்டமாக இருக்கலாம். அவர் உங்களைவிடச் சரளமாகப் பேசுகிறவர் என்றால் வாக்குவாதத்தில் ஜெயிப்பது நியாயம் அல்ல, நாக்கு. அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் தமிழில் கொட்டுகிறது.

கொட்டுவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் அவருக்கு அப்போது கேட்பது சொல் இல்லாத சத்தம் மட்டும். என்ன குற்றச்சாட்டு என்று தெரியாதவர், இருப்பதிலேயே மோசமானதைக் கற்பனை செய்துகொள்வார். எனவே ஓர் ஒப்பந்தம்: தமிழில் கத்தலாம், ஆனால் அன்றிரவு தூங்குவதற்குள், அல்லது அதிகம் போனால் மறுநாள், அதில் இருந்த சங்கதியை ஆங்கிலத்தில் அவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு வசவையும் பெயர்க்க வேண்டியதில்லை. 'நீ என் அம்மாவிடம் அப்படிப் பேசியது என்னை அவமானப்படுத்தியது' என்ற ஒரு வரி போதும். ஆறிய பிறகு ஆங்கிலத்தில் சொல்லும்போது சூடும் குறைந்திருக்கும், அவரால் பதில் சொல்லவும் முடியும். அவரும் தன் மொழியில் முணுமுணுத்தால் இதே விதி. பதிலுக்கு அவர் தரவேண்டியது ஒன்று இருக்கிறது: நீங்கள் ஆங்கிலத்தில் சொல் தேடித் தடுமாறும்போது இடையில் புகுந்து வாக்கியத்தை முடித்துவைக்கக் கூடாது.

மன்னிப்புக்கு மட்டும் வேறு யோசனை. மன்னிப்பு கேட்பவரின் மொழியைவிட, அதைப் பெறுபவரின் மொழி நன்றாக வேலை செய்கிறது. அவர் தமிழில் ஒரே ஒரு 'மன்னிச்சிடு' கற்றுக்கொண்டால் நீங்கள் எத்தனை 'சாரி'யை விடவும் அதற்கு இளகுவீர்கள் என்று நினைக்கிறேன். நீங்களும் அவர் மொழியில் அதற்கு ஈடானதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் முழுக்க அவர் தமிழ் கற்பதைப் பற்றி இருக்கிறது. அவர் மொழியில் உங்களுக்கு எத்தனை சொல் தெரியும் என்று ஒரு வரிகூட இல்லை.

ஒரே மொழி வேண்டுமா?

வேண்டாம், அது நடக்கவும் நடக்காது. இருமொழித் தம்பதியர் பேசுவதை நெருக்கமாக ஆராய்ந்த இங்ரிட் பில்லர் போன்றவர்கள் கவனித்த ஒன்று: எந்த மொழியில் பழகத் தொடங்கினார்களோ அதிலேயே பெரும்பாலான ஜோடிகள் நிலைத்துவிடுகிறார்கள். பிற்பாடு ஒருவர் மற்றவரின் மொழியை நன்றாகவே கற்றுவிட்டாலும், இருவரும் தனியாக இருக்கும்போது பேச்சு பழைய மொழிக்கே திரும்பிவிடும். காரணம், அந்த மொழியில்தான் அவர்கள் ஒருவருக்கொருவர் அறிமுகமானார்கள். மாற்றினால் எதிரில் இருப்பது வேறு ஆள் மாதிரி இருக்கும். உங்கள் கணவர் நாளையே தமிழுக்கு மாறினால் நீங்கள் காதலித்த கிண்டல்காரர் காணாமல் போய், எழுத்துக்கூட்டிப் பேசும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். உங்களுக்கே அலுத்துவிடும். வற்புறுத்தல் வேண்டாம் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

உங்கள் ஆங்கிலமும் அப்படியே மரத்துப்போய் இருக்கப்போவதில்லை. டெவேலும் இன்னொரு ஆய்வாளரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், அயல்மொழியில் துணையோடு உணர்ச்சியைப் பகிர்வதில் ஆரம்பத்தில் சிரமப்பட்டவர்கள் பலருக்குச் சில மாதங்களில் அது தேய்ந்துபோனது. பலருக்கு அந்த மொழியே மனசின் மொழியாகவும் ஆகியிருந்தது. நான்கு வருடமாகியும் உங்களுக்கு அது நடக்கவில்லை என்றால், அந்த மூன்று சொல் அன்றாடச் சம்பிரதாயமாகத் தேய்ந்ததும் காரணமாக இருக்கலாம். அலுவலகத்துக்குக் கிளம்பும்போதும் போனை வைக்கும்போதும் சொல்லிச் சொல்லி, 'சரி, வரேன்' என்பதற்குச் சமமாகிவிடும். அந்த இடங்களில் அதை விட்டுவிட்டு, அன்று உண்மையில் பார்த்த ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். 'காலையில் நான் டென்ஷனாக இருந்தபோது நீ எதுவும் கேட்காமல் இருந்தாயே, அது பிடித்தது.' இதை ஆங்கிலத்தில் சொன்னாலும் உள்ளே இறங்கும். யாரோ எழுதிக் கொடுத்தது போல இருக்காது, ஏனென்றால் இதை வேறு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

பேச்சு மொழியை அப்படியே விட்டுவிட்டு, சில இடங்களுக்கு மட்டும் சொற்களைக் கொடுத்து வாங்குங்கள். ஆளுக்கு மூன்று போதும். கூப்பிட ஒன்று, தேற்ற ஒன்று, மன்னிப்பு கேட்க ஒன்று. கொடுக்கும்போது அர்த்தம் சொல்வதோடு நிறுத்தாமல், எப்போது சொல்ல வேண்டும், எப்போது சொல்லக் கூடாது, யார் முன்னால் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைசியது முக்கியம். என்னிடம் வந்த ஒரு பெண், கணவருக்குச் சொல்லிக்கொடுத்த செல்லப்பெயரை அவர் பெருமையாகத் தன் மாமியார் முன்னால் கூப்பிட்டுக் காட்டினார் என்பதற்காகவே அந்தப் பெயரை வெறுத்துப்போனார். அது தனிமைக்கு மட்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் சில வாரம் செயற்கையாகத்தான் இருக்கும். அவர் உச்சரிப்பு கோணலாக வரும்; அந்த நேரத்தில் திருத்தாதீர்கள், சிரிக்காதீர்கள், உறவினர் கூட்டத்தில் 'எங்கே, சொல்லிக் காட்டு' என்று கேட்காதீர்கள். இந்த மூன்றில் ஒன்று நடந்தாலும் அது பரீட்சை ஆகிவிடும். கோணல் உச்சரிப்போடு சொன்ன பெயரே நிலைத்து, நல்ல உச்சரிப்பில் யாராவது சொன்னால் தப்பாகத் தெரிகிற அளவுக்குப் போன வீடுகளும் உண்டு. எந்தச் சொல் ஒட்டிக்கொண்டது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை: நீங்கள் ஞாபகப்படுத்தாமலே, சரியான நேரத்தில் அவர் வாயில் வரும், நீங்களும் 'தமிழில் சொல்கிறாரே' என்று கவனிக்காமலே திரும்பிப் பார்ப்பீர்கள். இரண்டு மாதம் ஆகியும் ஒரு சொல் ஒட்டவில்லை என்றால் அதை விட்டுவிட்டு வேறு கொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாய் திறக்கவில்லை என்றால், மொழியைக் குற்றம் சொல்வதை நிறுத்திவிட்டு வேறு எங்கேயாவது பார்க்க வேண்டும். எந்த மொழியிலும் அவரிடம் மனசு திறக்கவில்லையா, அவர் உங்கள் உச்சரிப்பையோ மொழியையோ மட்டம் தட்டுகிறாரா, நிறுத்தச் சொன்ன பிறகும் நிறுத்தாமல் இருக்கிறாரா? இவற்றுக்குச் சொல் பரிமாற்றம் மருந்தாகாது. கடைசியது நடந்தால் காத்திருக்காமல், தனியாக ஓர் ஆலோசகரைப் பாருங்கள். மற்றவற்றுக்கு இருவரும் சேர்ந்து போகலாம். அப்படிப் போகும்போது தமிழ் மட்டும் தெரிந்த ஆலோசகரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்று பேர் உள்ள அறையில் இரண்டு பேர் ஒரு மொழி என்றால், உங்கள் கணவர் உட்காரும்போதே தோற்றுவிட்டதாக நினைப்பார். ஆங்கிலத்தில் நடத்தக்கூடியவராக, தேவைப்படும்போது உங்களைத் தனியே தமிழில் பேசவிடுகிறவராகப் பாருங்கள். கணவருக்கும் தன் மொழியில் தனியாகப் பேச ஓர் ஆள் கிடைக்குமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.